ஒரே செம்பு, இரண்டு செறிவு: செறிவு மின்கலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் பிளஸ் டூ, பி.எஸ்சி. மாணவர்களுக்கு மின்வேதியியல் நடத்தும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். குழப்பம் வராமல் இருக்கக் கடைசிக் கேள்வி தவிர எல்லாவற்றுக்கும் ஒரே கலத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பீக்கர்கள். ஒன்றில் 100 மில்லி 0.1 மோலார் காப்பர் சல்பேட், இன்னொன்றில் 100 மில்லி 0.001 மோலார் காப்பர் சல்பேட். இரண்டிலும் ஒரே செம்புத் தகட்டிலிருந்து வெட்டிய பட்டைகள். நடுவில் ஓர் உப்புப் பாலம்.

"சார், E° பூஜ்யம்னு போட்டாச்சு. அப்புறம் எப்படி வோல்டேஜ் வரும்?"

E° பூஜ்யம் என்பது, இரண்டு பக்கமும் 1 மோலாராக இருந்தால் என்ன வரும் என்பதற்கான பதில். நம் கலத்தில் அந்த நிலைமை இல்லை.

செம்பின் திட்ட மின்முனை மின்னழுத்தம் +0.34 வோல்ட். அது பூஜ்யம் ஆகிவிடவில்லை. இரண்டு பக்கத்திலும் அதே 0.34 இருப்பதால் கழிக்கும்போது அடிபட்டுப் போகிறது. இதைத் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்:

```
0.1 M :   0.34 + (0.0591/2) log(0.1)   = 0.3105 V
0.001 M : 0.34 + (0.0591/2) log(0.001) = 0.2514 V
வித்தியாசம்                            = 0.0591 V
```

செறிந்த கரைசலில் இருக்கும் தகட்டின் மேல் செம்பு அயனிகள் வந்து படிய விரும்பும் அளவு அதிகம். நீர்த்த கரைசலில் அது குறைவு. அதனால் இரண்டு தகடுகளும் ஒரே உலோகமாக இருந்தாலும் ஒரே மின்னழுத்தத்தில் இல்லை. அந்த வித்தியாசத்தைத்தான் மல்டிமீட்டர் காட்டுகிறது.

இன்னொரு வழியிலும் பார்க்கலாம். E° பூஜ்யம் என்றால் ΔG° பூஜ்யம், சமநிலை மாறிலி 1. அதாவது இரண்டு பக்கச் செறிவும் சமமாகும்போதுதான் இந்தக் கலம் ஓய்வுக்கு வரும். இப்போது ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைவிட 100 மடங்கு அதிகம். சமநிலையிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருக்கும்போது மின்னழுத்தம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

"எது ஆனோடு, எது கேத்தோடுன்னு எப்பவும் மாத்திப் போட்டுடறேன். ஞாபகம் வெச்சுக்க வழி இருக்கா?"

மனப்பாடம் வேண்டாம். கலம் எதை நோக்கிப் போகிறது என்று மட்டும் கேளுங்கள்: இரண்டு செறிவும் சமமாவதை நோக்கி. அப்படியானால் நீர்த்த பக்கத்தில் செம்பு அயனி கூட வேண்டும். அது கூட வேண்டுமென்றால் அங்கே தகடு கரைய வேண்டும். தகடு கரைந்து எலக்ட்ரானை விடுவது ஆக்சிஜனேற்றம்; எனவே நீர்த்த பக்கம் ஆனோடு. செறிந்த பக்கத்தில் அயனி குறைய வேண்டும், அதனால் அங்கே செம்பு படியும், அது கேத்தோடு.

```
Cu | Cu²⁺ (0.001 M) || Cu²⁺ (0.1 M) | Cu

E = -(0.0591/2) log(0.001/0.1) = +0.0591 V
```

மடக்கைக்குள் மேலே வருவது ஆனோடு பக்கச் செறிவு. இதைத் தலைகீழாகப் போட்டால் விடை அதே எண்ணாக, எதிர்க்குறியோடு வரும். எதிர்க்குறி வந்தால் கணக்கு தப்பு என்று அடிக்க வேண்டாம். நீங்கள் எழுதிய திசையில் கலம் தானாக ஓடாது என்று அது சொல்கிறது.

மீட்டரில் சரிபார்ப்பது இன்னும் சுலபம். சிவப்பு முனையைச் செறிந்த பக்கத் தகட்டிலும், கறுப்பு முனையை நீர்த்த பக்கத் தகட்டிலும் வையுங்கள். குறி இல்லாமல் எண் வந்தால் எல்லாம் சரி.

"0.0591னு எல்லா புக்லயும் இருக்கு. நம்ம ஊர் வெயிலுக்கும் அதேதானா?"

நல்ல கேள்வி. 0.0591 என்பது 25 டிகிரி செல்சியஸுக்கான எண். அது 2.303RT/F. அதில் T இருப்பதால் வெப்பநிலை ஏறினால் அதுவும் ஏறும். மே மாதம் கடலூரில் மின்விசிறி மட்டும் ஓடும் ஒரு லேபில் கரைசல் 32 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள்:

```
2.303 × 8.314 × 305 / 96485 = 0.0605 V
```

செம்புக்கு n = 2 என்பதால், பத்து மடங்கு செறிவு வித்தியாசத்துக்கு 30.3 மில்லிவோல்ட், நம் கலத்தின் 100 மடங்குக்கு 60.5 மில்லிவோல்ட். 25 டிகிரியில் வரும் 59.1-ஐவிட ஒன்றரை மில்லிவோல்ட்கூட அதிகமில்லை. ஆகவே உங்கள் அளவீடு 20 மில்லிவோல்ட் தள்ளிப் போயிருந்தால் வெயிலைக் காரணம் சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சாதாரண மின்கலங்களில் E° என்ற பெரிய எண் இருப்பதால் வெப்பநிலையின் விளைவு அதில் மறைந்துவிடும். இங்கே E° இல்லை. சிறந்த கரைசலாக எடுத்துக்கொண்டால் மின்னழுத்தம் முழுவதுமே T-க்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. கலம் செய்யும் வேலைக்கான ஆற்றல் எந்த வேதிப்பிணைப்பு உடைவதிலிருந்தும் வரவில்லை. செம்பு ஒரு பக்கம் கரைகிறது, மறுபக்கம் அதே செம்பு படிகிறது. அயனிகள் பரவிக் கலப்பதால் கூடும் என்ட்ரோபிதான் கலத்தைத் தள்ளுகிறது. அதற்கான வெப்பத்தைக் கரைசல் தன் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது.

"கணக்குப்படி 59 மில்லிவோல்ட் வரணும். எங்க லேப்ல 40தான் வருது. தப்பா செஞ்சுட்டோமா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். நீங்கள் தப்பாகச் செய்யவில்லை. நல்ல தகடு, நல்ல பாலம், சரியான கரைசல் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தால் 40-க்குப் பக்கத்தில்தான் வர வேண்டும். 59 வந்திருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். 40 பார்த்த பல மாணவர்கள் ரெக்கார்டு நோட்டில் 58 என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதுவது, கிடைத்த நல்ல அளவீட்டைக் குப்பையில் போடுவது.

நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் உண்மையில் வர வேண்டியது செறிவு அல்ல. அந்த அயனி எவ்வளவு சுதந்திரமாகச் செயல்படுகிறதோ அந்த அளவு. அதைச் செயல்படு செறிவு என்று வைத்துக்கொள்வோம். நிறைய நீர்த்த கரைசலில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் பாடப்புத்தகம் செறிவையே போடச் சொல்கிறது. ஆனால் காப்பர் சல்பேட் இந்தச் சுருக்கத்துக்குக் கொஞ்சமும் ஒத்துவராத உப்பு. செம்பு அயனிக்கு இரண்டு நேர்மின்சுமை, சல்பேட்டுக்கு இரண்டு எதிர்மின்சுமை. இரண்டும் ஒன்றையொன்று பலமாக இழுக்கின்றன. 0.1 மோலார் கரைசலில் ஒவ்வொரு செம்பு அயனியைச் சுற்றியும் சல்பேட் கூட்டம் நெருங்கி நிற்கிறது. ஒரு பகுதி செம்பு அயனிகள் சல்பேட்டோடு ஜோடியாகவே திரிகின்றன. தகட்டுக்கு அவ்வளவு அயனிகளும் முழுதாகக் "கண்ணில் படுவதில்லை".

எவ்வளவு படுகிறது என்பதைச் செயல்பாட்டுக் கெழு என்ற எண்ணால் சொல்கிறோம். காப்பர் சல்பேட்டுக்கு 25 டிகிரியில் அளந்த சராசரிக் கெழுக்கள் தோராயமாக இப்படி: 0.001 மோலாரில் 0.74, 0.01 மோலாரில் 0.41, 0.1 மோலாரில் 0.16. பாருங்கள், செறிவு ஏற ஏற எவ்வளவு சரிகிறது என்று. இப்போது நம் கலம்:

```
செறிந்த பக்கம் : 0.1   × 0.16 = 0.016
நீர்த்த பக்கம்  : 0.001 × 0.74 = 0.00074
விகிதம்        : 0.016 / 0.00074 = 21.6
log 21.6 = 1.335

E = 30.3 × 1.335 = 40 mV   (32 °C)
```

நாம் 100 மடங்கு வித்தியாசம் என்று நினைத்துக் கலந்தோம். தகடுகள் உணர்வது சுமார் 22 மடங்கு. அதுதான் உங்கள் 40 மில்லிவோல்ட். இந்தக் கெழுக்கள் செம்பையும் சல்பேட்டையும் சேர்த்துச் சராசரியாக அளந்தவை, செம்பு அயனிக்கு மட்டும் தனியாக அளக்க வழியில்லை. அதனால் இரண்டு மூன்று மில்லிவோல்ட் அப்படி இப்படி இருந்தால் விட்டுவிடலாம்.

இதே சோதனையைச் சில்வர் நைட்ரேட்டில், 0.1 மோலாரும் 0.01 மோலாரும் வைத்துச் செய்தால் இவ்வளவு அடி வாங்காது. அங்கே மின்சுமை ஒன்றுக்கு ஒன்றுதான், கெழுக்கள் 0.73, 0.90. 25 டிகிரியில் கணக்குப்படி 59 வர வேண்டிய இடத்தில் 54 வரும். அதனால்தான் வசதியுள்ள லேப்களில் வெள்ளியை விரும்புகிறார்கள்.

தேர்வில் என்ன எழுதுவது என்று அடுத்துக் கேட்பீர்கள். பிளஸ் டூ தேர்விலும் நீட்டிலும் கேள்வியில் கெழு தரப்படாவிட்டால் செறிவைப் போட்டு 0.0591 வோல்ட் என்றே எழுதுங்கள். அங்கே கேட்பது சமன்பாட்டைப் பயன்படுத்தத் தெரியுமா என்பதை.

"கெழு எல்லாம் வேண்டாம் சார். புக்ல இருக்கிற எண்ணையே லேப்ல பார்க்க முடியாதா?"

முடியும், ஒரு சின்ன ஏற்பாடு செய்தால். கெழு இரண்டு பக்கத்திலும் வேறு வேறாக இருப்பதுதானே பிரச்சினை? இரண்டு பக்கத்திலும் வினையில் சேராத ஓர் உப்பை நிறைய, ஒரே அளவில் போட்டுவிடுங்கள். அப்புறம் செம்பு அயனியின் சுற்றுப்புறத்தைத் தீர்மானிப்பது அந்த உப்புதான். கெழு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகி, விகிதத்தில் அடிபட்டுவிடும்.

செய்முறை இது. நீரற்ற சோடியம் சல்பேட் 7.1 கிராம் எடுத்து 100 மில்லி ஆகும்படி கரைத்தால் 0.5 மோலார். இப்படிப்பட்ட சோடியம் சல்பேட் கரைசலையே கரைப்பானாக வைத்து, ஒரு பீக்கரில் 0.01 மோலார், இன்னொன்றில் 0.001 மோலார் காப்பர் சல்பேட் தயாரியுங்கள். 0.1-ஐ இங்கே நான் தவிர்ப்பதற்குக் காரணம், அவ்வளவு செம்பு உப்பு போட்டால் சல்பேட் அளவு ஒரு பக்கம் கூடிவிடும்.

வெறும் தண்ணீரில் இந்த ஜோடி 22, 23 மில்லிவோல்ட் காட்டும். சோடியம் சல்பேட் சேர்த்த பிறகு 30-க்கு நெருங்கிவிடும். இரண்டு அளவீட்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்து எடுத்துப் பாருங்கள். நீங்கள் செம்பின் அளவை மாற்றவில்லை. சுற்றியிருக்கும் கூட்டத்தை மட்டும் மாற்றினீர்கள். மீட்டர் ஏழெட்டு மில்லிவோல்ட் ஏறுகிறது. செயல்படு செறிவு என்ற கருத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் மலிவான சோதனை எனக்குத் தெரியவில்லை.

"ரெண்டு தகடும் ஒண்ணுதான். ஆனா ஒரே கரைசல்ல வெச்சாலும் மீட்டர் பூஜ்யம் காட்டலையே?"

"ஒன்றுதான்" என்பது நம் கண்ணுக்கு. ஒரு தகட்டில் கொஞ்சம் ஆக்சைடு, இன்னொன்றில் வளைத்த இடத்தில் இறுக்கம், ஒன்றில் விரல் எண்ணெய் என்று ஏதாவது ஒன்று இருந்தாலே சில மில்லிவோல்ட் வித்தியாசம் வந்துவிடும். நாம் அளக்கப் போவதே 40 மில்லிவோல்ட் என்னும்போது 5 மில்லிவோல்ட் பிழை சின்னதில்லை. டேனியல் கலத்தில் 1.1 வோல்ட் அளக்கும்போது இதை யாரும் கவனிப்பதில்லை.

அதனால் சோதனையை எப்போதும் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு தகடுகளையும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் சில விநாடி முக்கி எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் கழுவுங்கள். இரண்டையும் ஒரே 0.1 மோலார் பீக்கரில் வைத்து, ஒன்றையொன்று தொடாமல் மீட்டரை இணையுங்கள். ஒரு மில்லிவோல்டுக்குள் வந்து நின்றால் நல்லது. வரவில்லையென்றால் இரண்டு தகட்டையும் ஒரு கம்பியால் சேர்த்துக் கட்டி, அதே கரைசலில் கொஞ்ச நேரம் விடுங்கள். பெரும்பாலும் நெருங்கி வந்துவிடும்.

அப்படியும் மீதி இருந்தால் இடம் மாற்றி அளக்கும் முறை கைகொடுக்கும். முதலில் தகடு 'அ' செறிந்த பக்கத்தில், 'ஆ' நீர்த்த பக்கத்தில். மீட்டர் 43 காட்டுகிறது. பிறகு இரண்டையும் எடுத்துக் கழுவி, ஒற்றி, பக்கம் மாற்றி வையுங்கள். மீட்டரின் சிவப்பு முனை செறிந்த பக்கத்திலேயே இருக்கட்டும். இப்போது 37. தகடுகளின் சொந்த வித்தியாசம் முதல் தடவை கூடியது, இரண்டாம் தடவை கழிந்தது. சராசரி 40 என்பது செறிவால் வந்தது. மீதி 3 தகடுகளுடையது. பூஜ்ய சோதனையிலும் அதே 3 வந்திருந்தால் உங்கள் அளவீட்டை நம்பலாம்.

கழுவாமல் பக்கம் மாற்றாதீர்கள். 0.1 மோலாரிலிருந்து எடுத்த தகட்டில் ஒட்டியிருக்கும் ஒரு மில்லி கரைசல், 100 மில்லி நீர்த்த பக்கத்தில் விழுந்தால் அங்கே செறிவு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும்.

"உப்புப் பாலத்துக்கு எந்த உப்பு? சோத்து உப்பு போட்டா ஆகாதா?"

பாலத்தில் இருக்கும் நேர் அயனியும் எதிர் அயனியும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நகர வேண்டும். பொட்டாசியமும் நைட்ரேட்டும் அப்படி நல்ல ஜோடி. பொட்டாசியமும் குளோரைடும் அதேபோல நல்ல ஜோடி. சோடியம் இவற்றைவிட மெதுவானது. ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் பாலத்தின் இரண்டு முனையிலும் சின்ன மின்னழுத்தங்கள் உருவாகி, நீங்கள் அளக்கும் எண்ணோடு கலந்துவிடும்.

செம்புக்கு நான் பொட்டாசியம் நைட்ரேட்டையே சொல்வேன். குளோரைடு கசிந்தால் செம்போடு சேர்ந்து தகட்டின் பக்கத்தில் வேறு வினைகளைக் கிளப்பும். வெள்ளிக் கலத்தில் குளோரைடு பக்கமே போகக் கூடாது. சில்வர் குளோரைடு வெள்ளையாகப் படிந்து, செறிவே மாறிப்போகும். செறிந்த பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் அகர் அகர் சேர்த்துக் காய்ச்சி, U வடிவக் குழாயில் ஊற்றி ஆறவிட்டால் போதும். குழாயில் காற்றுக்குமிழி நின்றிருந்தால் மீட்டர் எண் ஓரிடத்தில் நிற்காமல் அலையும். வடிதாளை நனைத்துப் பாலமாக வைப்பதும் நடக்கும், ஆனால் அது சீக்கிரம் காயும், இரண்டு கரைசலையும் உறிஞ்சி நடுவில் கலந்துவிடும்.

"0.001 மோலார் எப்படி எடை போடறது? தராசுல நிக்கவே மாட்டேங்குது."

எடை போட வேண்டாம். ஐந்து நீர் மூலக்கூறுள்ள நீலப் படிகம் 2.5 கிராம் எடுத்து 100 மில்லி ஆக்கினால் 0.1 மோலார். அதிலிருந்து பிப்பெட்டில் 1 மில்லி எடுத்து 100 மில்லி ஆக்கினால் 0.001 மோலார்.

தண்ணீர் விஷயத்தில்தான் நம் பகுதியில் ஏமாந்துவிடுகிறோம். கடலோரப் போர் தண்ணீரில் குளோரைடும் பைகார்பனேட்டும் நிறைய இருக்கும். செறிந்த பக்கத்துக்கு அது பெரிதாகத் தெரியாது. நீர்த்த பக்கத்தில் செம்பே 0.001 மோலார்தான், பைகார்பனேட் அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மெல்லிய நீலப் பச்சைக் கலங்கலாக இறக்கிவிடும். அப்போது விகிதம் கூடி, மீட்டர் 40-க்குப் பதில் 50, 55 என்று காட்டலாம். "புத்தக எண் வந்துவிட்டது" என்று சந்தோஷப்பட வேண்டாம். பீக்கரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், கலங்கல் தெரியும். காய்ச்சி வடித்த நீரோ, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் நீரோ வாங்கிக்கொள்ளுங்கள்.

"நீர்த்த பக்கத்தை இன்னும் இன்னும் நீர்த்தா வோல்டேஜ் ஏறிக்கிட்டே போகுமா?"

தாளில் ஏறும். சுத்தமான தண்ணீரை வைத்தால் மடக்கை எல்லையில்லாமல் போகிறது. லேபில் அப்படி நடக்காது. செம்பு அயனி 0.0001 மோலாருக்குக் கீழே போனால், தகட்டின் மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கும் வேலையில் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனும் கை வைக்கிறது. செம்பை அது மெதுவாக அரிக்கிறது; அரித்த செம்பு அயனியாகிக் கரைசலுக்குள் வருகிறது. நீங்கள் கலந்த செறிவைவிடத் தகட்டின் அருகே செறிவு கூடிவிடுகிறது. அடையாளம் எளிது: எண் நிலைக்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும், கரைசலை லேசாகக் கலக்கினால் சட்டென்று மாறும். அந்த இடத்தில் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டைக் குறை சொல்லக் கூடாது. அது பேசும் சமநிலை அங்கே இல்லை.

"இதை வெச்சு ஒரு எல்.இ.டி.யாவது எரியுமா?"

எரியாது. சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 1.8 வோல்ட் வேண்டும். நம் கலம் ஒன்று 40 மில்லிவோல்ட். 45 கலங்களைத் தொடராக இணைக்க வேண்டும். அப்போதும் மின்னோட்டம் போதாது, ஏனென்றால் 0.001 மோலார் கரைசலும் அகர் பாலமும் மின்தடை மிகுந்தவை. ஒரு கலத்தின் மொத்த உள்தடை 2000 ஓம் என்று வைத்தால், இரண்டு தகட்டையும் நேராகக் கம்பியால் இணைத்தாலும் 20 மைக்ரோஆம்பியர்தான் ஓடும்.

பழைய முள் வோல்ட்மீட்டரில் எண் குறைந்து காட்டுவதும் இதனால்தான். அந்த மீட்டர் தானே மின்னோட்டத்தை இழுக்கிறது. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகாஓம் என்பதால் இழுப்பது மிகச் சொற்பம். 200 மில்லிவோல்ட் அளவில் வைத்துப் பயன்படுத்துங்கள்.

கலம் எவ்வளவு தாங்கும் என்பது வேறு கேள்வி, அதன் விடை எனக்குப் பிடிக்கும். சமமாகும்போது இரண்டு பக்கமும் 0.0505 மோலார். அதற்கு 0.00495 மோல் செம்பு, அதாவது 0.31 கிராம், ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் படிய வேண்டும்.

```
0.00495 × 2 × 96485 = 955 கூலூம்
```

20 மைக்ரோஆம்பியரில் இதற்கு ஒன்றரை வருஷம் ஆகும். அதற்குள் பாலத்தின் வழியாக அயனிகள் தானாகவே கசிந்து கலந்துவிடும் என்பது நிஜம். மின்னழுத்தமும் சீராகக் குறையாது. மடக்கையில் மேலே கீழே இரண்டும் நகர்வதால் நீர்த்த பக்கம் 0.001-லிருந்து 0.002 ஆனதுமே, தொடக்கத்தில் இருந்ததில் ஒரு கணிசமான பங்கு போய்விடும். அதன் பிறகு வெகுநேரம் மெதுவாகச் சரியும்.

"சோதனை முடிஞ்சதும் கரைசலைத் தொட்டியில ஊத்திடலாமா?"

வேண்டாம். இது மயில்துத்தம்; மீனுக்கும் நத்தைக்கும் பாசிக்கும் மிகக் குறைந்த அளவிலேயே விஷம். நம் ஊர் வாய்க்கால் தண்ணீர் கடைசியில் உப்பனாற்றுக்கோ கடலுக்கோதான் போகிறது. 0.1 மோலார் கரைசலைப் பாட்டிலில் பத்திரப்படுத்தி அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம், கெடாது. தீர்ந்ததை ஒரு வாளியில் சேர்த்து, துரு ஏறியிராத சாதாரண இரும்பு ஆணிகளையோ இரும்புத் துருவலையோ போட்டு இரண்டு நாள் விடுங்கள். செம்பு சிவப்பாக ஆணிமேல் படிந்து, கரைசலின் நீலம் போய்விடும். பிறகு சலவை சோடா சேர்த்தால் மிச்சமும் கீழே இறங்கும். அந்த வண்டலைத் தனியாக எடுத்து, லேப் கழிவோடு கொடுத்துவிடுங்கள்.

"கெடிலம் தண்ணியும் கடல் தண்ணியும் வெச்சு செறிவு மின்கலம் செய்யலாமா? அதுலயும் நீர்த்த பக்கம்தானே ஆனோடு?"

செய்யலாம், ஆனால் செம்பு வைத்து அல்ல. இரண்டு தண்ணீரிலும் செம்பு அயனி கிட்டத்தட்ட இல்லை. செம்புத் தகடு ஏதோ ஓர் எண்ணைக் காட்டும், அதற்கு அர்த்தம் இருக்காது. இரண்டிலும் வித்தியாசமாக இருப்பது குளோரைடு. எனவே குளோரைடை உணரும் மின்முனை வேண்டும்: சில்வர் குளோரைடு பூசிய வெள்ளிக் கம்பி. வெள்ளிக் கம்பியை உப்புக் கரைசலில் வைத்து, பேட்டரியின் நேர் முனையோடு இணைத்துச் சில நிமிடம் விட்டால் கரும்பழுப்பான பூச்சு வந்துவிடும். இரண்டு கம்பியையும் ஒரே நேரத்தில், ஒரே கரைசலில் பூசுங்கள். பூஜ்ய சோதனையையும் மறக்க வேண்டாம்.

இங்கே திசை மாறுகிறது. அந்த மின்முனையில் வெள்ளி ஆக்சிஜனேற்றம் அடையும்போது கரைசலில் குளோரைடு கூடுவதில்லை, குறைகிறது:

```
Ag + Cl⁻ → AgCl + e⁻
```

செறிவு சமமாக வேண்டுமென்றால் குளோரைடு அதிகமுள்ள பக்கத்தில் அது குறைய வேண்டும். ஆகவே ஆக்சிஜனேற்றம் நடக்கும் இடம் கடல் தண்ணீர்ப் பக்கம். ஆனோடு அதுதான், மீட்டரின் கறுப்பு முனை அங்கேதான் போக வேண்டும். "நீர்த்த பக்கம் ஆனோடு" என்ற வரியை மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில் தவறிவிடுவார்கள். எதை நோக்கிப் போகிறது என்று கேட்டவர்களுக்குச் சரியான விடை கிடைக்கும்.

எண் எவ்வளவு? கடல் நீரில் குளோரைடு லிட்டருக்கு ஏறக்குறைய 19 கிராம், அதாவது 0.55 மோலாருக்குப் பக்கம். ஆற்று நீரில் லிட்டருக்கு 195 மில்லிகிராம் இருந்தால் 0.0055 மோலார். நூறு மடங்கு, n = 1; 32 டிகிரியில் செறிவுக் கணக்குப்படி 121 மில்லிவோல்ட். கடல் நீரில் குளோரைடின் கெழு நன்றாகக் குறைவு என்பதால் அளவீடு அதற்குப் பத்து மில்லிவோல்டுக்கு அருகில் குறைந்து வரும். ஆற்று நீரை முகத்துவாரத்தில் எடுக்காதீர்கள். ஓதத்தில் கடல் நீர் உள்ளே ஏறியிருக்கும், மீட்டர் பத்து இருபது மில்லிவோல்டோடு நின்றுவிடும். ஊருக்கு மேற்கே, கடல் நீர் எட்டாத இடத்தில் எடுங்கள். பாலம் இங்கேயும் பொட்டாசியம் நைட்ரேட்தான். பொட்டாசியம் குளோரைடு பாலம் வைத்தால் நீர்த்த பக்கத்துக்குள் குளோரைடு கசிந்து, நீங்கள் அளக்க வந்த வித்தியாசத்தையே மெல்ல மெல்லக் கரைத்துவிடும்.